சுவருக்கு அந்தப் பக்கத்துத் துக்கம்: தமிழிலிருந்து இந்திக்கும் இந்தியிலிருந்து தமிழுக்கும்

துக்கம் விசாரிக்கும் ஒரு சின்னச் செய்தியை வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது எதைக் காப்பாற்ற வேண்டும்? சொல்லையா, சடங்கையா, நெருக்கத்தையா? மொழிபெயர்ப்பைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதல்ல. வழிநூல் வகைகளில் ஒன்றாகத் தொல்காப்பியம் அதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அங்கே பேசப்படுவது நூல். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு வரியில், பேச்சு நடையில், பரிவோடு அனுப்பும் செய்தியின் சிக்கல் வேறு வகையானது. நூலை மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருக்கலாம். இங்கே சாவுச் செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதியாக வேண்டும்.

இந்தக் கேள்வி அன்றாடம் எழும் இடங்களில் ஒன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடப்பட்டது. 2010இலிருந்து ஒரகடத்தில் ரெனோ–நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலைகளைச் சுற்றி சுங்குவார்சத்திரம், வல்லம், மாம்பாக்கம் பக்கமெல்லாம் வாடகை அறைகள் எழுந்தன. பீகார், ஜார்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா என்று பல ஊர்க்காரர்களும் உள்ளூர்க் குடும்பங்களும் ஒரே சுவரின் இரு பக்கத்தில் வாழ்கிறார்கள். மரணச் செய்தி இங்கே இரண்டு விதமாக வரும். வீட்டுக்கார அம்மாவின் மாமியார் இங்கேயே தவறிப்போகலாம். அல்லது பக்கத்து அறைத் தொழிலாளியின் தகப்பனார் ஏறத்தாழ 2000 கிலோமீட்டருக்கு அப்பால் இறந்து, செய்தி மட்டும் கைப்பேசியில் வந்து சேரலாம். இரண்டுக்கும் ஒரே வாசகம் பொருந்தாது. மொழிபெயர்ப்பு பற்றிய வாதங்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமலே நடந்திருக்கின்றன.

வாசகத்துக்கு வாசகம்

மிகப் பழையதும் இன்றும் பரவலாக இருப்பதுமான நிலைப்பாடு, இரங்கலை ஒரு வாய்பாடாகக் கருதுவது. ஒவ்வொரு மொழியிலும் தயாரான வாசகம் இருக்கிறது. அதை எடுத்து வைத்தால் போதும் என்கிறது இது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்பதற்கு ‘கஹ்ரீ சம்வேத்னா’. ‘ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன்’ என்பதற்கு ‘பக்வான் உன்கீ ஆத்மா கோ ஷாந்தி தே’. நாளிதழின் மரண அறிவிப்பும் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் இதை வளர்த்தன. தந்தியும் ஓரளவுக்குக் காரணம். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய அந்தச் சேவை 2013 ஜூலையில் நிற்கும்வரை, மரணத்தை மூன்று நான்கு சொல்லில் அடக்கும் பழக்கத்தை அது நாடெங்கும் பரப்பியிருந்தது.

இந்த நிலைப்பாட்டை அலட்சியமாக ஒதுக்க முடியாது. மொழி சரியாகத் தெரியாதவருக்கு இது பாதுகாப்பு. தவறான சொல்லால் யாரையும் புண்படுத்திவிடாமல் காக்கிறது. ஆனால் இதற்குள் கவனிக்கப்படாத ஒரு கோணல் இருக்கிறது. ஜோடியாக வைக்கப்படும் இரு வாசகங்களும் அந்தந்த மொழியில் ஒரே உயரத்தில் இல்லை. ‘பக்வான் உன்கீ ஆத்மா கோ ஷாந்தி தே’ என்று இந்தி பேசுபவர் வாய்விட்டுச் சொல்வார். கைப்பேசியில் ‘ஓம் ஷாந்தி’ என்று இரண்டே சொல்லில் அனுப்புவதும் சாதாரணம். தமிழில் ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ என்பது பதாகை மொழி. துணி உலர்த்தும் மாடியில் நின்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் அதைச் சொல்ல மாட்டார். ‘கஷ்டப்படாம போய்ச் சேந்தாங்க, அதுவே பெரிசு’ என்பார். ஆக, பேச்சிலிருந்து கிளம்பிய இந்தி வாசகம் தமிழுக்கு வரும்போது மேடையேறிவிடுகிறது.

இரண்டாவது குறை மதம் சார்ந்தது. ஆன்மா சாந்தி பற்றிய வாசகம் இறந்தவர் இந்து என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறது. இந்தப் பகுதியில் வேலை செய்யும் வடமாநிலத்தவரில் முஸ்லிம்களும் உண்டு. ஜார்கண்ட், ஒடிசாவிலிருந்து வருபவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த வாசகம் அந்நியமாகவே கேட்கும். ‘கேள்விப்பட்டதும் மனசுக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு’ என்ற எளிய வரிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பயனுக்குப் பயன்

இதற்கு மாற்றாக எழுந்தது, வாசகத்தை விட்டுவிட்டு விளைவைப் பார்க்கும் நிலைப்பாடு. விவிலிய மொழிபெயர்ப்பு அனுபவத்திலிருந்து யூஜீன் நைடா 1964இல் வெளியிட்ட நூல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தது. மூலத்தைப் படித்தவருக்கு ஏற்பட்ட உணர்வுக்கு ஈடான உணர்வு மொழிபெயர்ப்பைப் படிப்பவருக்கும் ஏற்பட வேண்டும் என்பது அதன் சாரம். இரங்கல் செய்திக்கு இது நன்றாகப் பொருந்துவதுபோல் தோன்றுகிறது. ‘ஹிம்மத் ரக்கோ’ என்பதைத் ‘தைரியத்தை வைத்துக்கொள்’ என்று எழுதாமல் ‘மனசைத் தேத்திக்கோ’ என்று எழுத இது இடம் தருகிறது.

ஆனால் ஈடான உணர்வு எது என்று யார் முடிவு செய்வது? நைடாவின் வழி, வாசகரின் வழக்கங்களை மொழிபெயர்ப்பாளர் நன்கு அறிந்திருக்கிறார் என்று நம்புகிறது. மாம்பாக்கத்தில் பக்கத்து அறைக்காரரின் ஊரில் பத்தாம் நாளில் என்ன நடக்கும், ஷ்ராத்தம் எப்போது, தலைமகன் இல்லாமல் கொள்ளி வைக்கலாமா என்பதெல்லாம் செய்தி அனுப்புபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. நம் பக்கத்துப் பால்தெளிப்பும் பதினாறாம் நாள் காரியமும் அவருக்குத் தெரியாது. விளைவை அளக்க இருவருக்கும் பொதுவான அளவுகோல் இல்லாத நிலையில், இந்தக் கோட்பாடு சரியான திசையைக் காட்டுகிறதே தவிர வழியைக் காட்டுவதில்லை.

வழி ஓரளவுக்கு இரு மொழிகளின் பழைய வழக்கத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் துக்கத்தைத் ‘தெரிவிப்பது’ பத்திரிகை வழக்கம். ஊர் வழக்கத்தில் துக்கம் ‘விசாரிக்க’ப் போகிறோம். இந்தி–உருது வழக்கில் இதற்கு ‘மாதம்–புர்ஸீ’ என்று பெயர். அதில் ‘புர்ஸீ’ என்ற பாரசீகப் பகுதிக்கும் கேட்டல் என்றே பொருள். ‘எப்படி ஆச்சு? ஒடம்பு முடியாம இருந்தாங்களா?’ என்று இங்கே கேட்பதுபோலவே அங்கேயும் ‘க்யா ஹுவா தா?’ என்று கேட்கிறார்கள். இரு பக்கத்திலும் ஆறுதலின் உடம்பு கேள்விதான். அறிக்கை வாக்கியங்களை மட்டும் மொழிபெயர்த்து, கேள்விகளை ‘தேவையில்லாதது’ என்று விட்டுவிடுவது அந்த உடம்பையே வெட்டிவிடுகிறது.

இயல்பு நடை என்பது ஒன்றல்ல

பரிவும் இயல்பு நடையும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்பது எளிது. இயல்பு நடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் இரு மொழிகளும் பிரிகின்றன.

தமிழில் எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் இடையே வினைமுற்றே மாறுகிறது. ‘தெரிந்தது’ என்பது ‘தெரிஞ்சுது’ என்றும் ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்பது ‘பாத்துக்கறோம்’ என்றும் ஆகிறது. இந்த இரட்டை நடையைச் சமூக மொழியியலாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1986இல் வந்த பிரான்சிஸ் பிரிட்டோவின் நூல் இரட்டை நடை பற்றிய கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தது. இந்தியில் வினைமுற்று பெரும்பாலும் அப்படியே நிற்கும், மாறுவது சொல். ‘நிதன்’, ‘தேஹாந்த்’ என்றால் செய்தித்தாள். ‘குஜர் கயே’, ‘நஹீ ரஹே’ என்றால் வீடு. ‘மர் கயே’ என்றால் கரடு. தமிழில் ‘காலமானார்’, ‘தவறிட்டாரு’, ‘செத்துட்டாரு’ என்ற படிகளோடு இவை ஓரளவு ஒத்துப்போகின்றன. அதனால் ‘குஜர் கயே’ என்பதைத் ‘தவறிட்டாரு’ என்று மாற்றுவது நம்பிக்கையோடு செய்யக்கூடியது. ஆனால் மீதி வாக்கியம் ‘செய்தியறிந்து வேதனையடைந்தேன்’ என்று எழுத்து நடையில் போய்விட்டால், ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்தும் பயனில்லை.

இரு மொழிக்கும் பொதுவான வடசொற்கள் பாலம்போல் தோன்றிக் காலை வாருகின்றன. ‘ரொம்பக் கஷ்டமா போச்சு’ என்பதைக் ‘கஷ்ட் ஹுவா’ என்று எழுதினால், தனக்கு ஏதோ சிரமம் நேர்ந்ததாகச் சொல்வதுபோல் ஆகலாம். அங்கே வேண்டியது ‘பஹுத் துக் ஹுவா’. அதே ‘துக்’கைத் தமிழுக்குத் ‘துக்கமாயிற்று’ என்று கொண்டுவந்தால் சாவு வீட்டையே குறிக்கும் சொல் நடுவில் வந்து விழுகிறது.

முன்னிலைச் சொல் இன்னும் நுட்பமானது. தமிழில் நீ, நீங்க என்று இரண்டு; இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று. மரியாதை மொழியை ஆராய்ந்த பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் முன்வைத்து 1987இல் நூலாக்கிய கோட்பாட்டுக்குக் கோவை வட்டாரக் கிராமம் ஒன்றின் தமிழும் அடிப்படைத் தரவாக இருந்தது. நெருங்கிக் காட்டும் மரியாதை, விலகி நின்று காட்டும் மரியாதை என்று அவர்கள் பிரித்தது இங்கே உதவுகிறது. அனுதாபம் நெருங்கச் சொல்கிறது. சாவு வீடு விலகி நிற்கச் சொல்கிறது. தமிழ் இந்த முரணை உறவுச் சொல்லால் தீர்க்கிறது: ‘அக்கா’ என்று நெருங்கி, ‘நீங்க’ என்று மரியாதை காட்டுகிறது. இந்தியிலும் ‘தீதீ’யோடு ‘ஆப்’ வரலாம். ஆகவே சந்தேகம் வந்தால் உறவுச் சொல்லில் நெருங்கி, முன்னிலையில் மரியாதையை வைத்துக்கொள்வது பிழை குறைந்த வழி.

தன்மைப் பன்மையில் நிலைமை தலைகீழ். தமிழுக்கு நாங்க, நாம என்று இரண்டு. இந்திக்கு ‘ஹம்’ ஒன்றே. போதாததற்கு பீகார்ப் பக்கம் ‘ஹம்’ என்பதை ‘நான்’ என்ற பொருளிலும் பேசுகிறார்கள். ‘ஹம் ஹைன் நா’ என்று ஒருவர் எழுதினால் அது ‘நான் இருக்கேன்ல’ அல்லது ‘நாங்க இருக்கோம்ல’. ‘நாம இருக்கோம்’ என்று மாற்றிவிட்டால் துக்கத்தில் இருப்பவரையே உதவி செய்பவர் பக்கம் நிறுத்துவதாகிவிடும்.

எங்கிருந்து கற்ற மொழி

தமிழ்நாட்டில் இந்தி பெரும்பாலும் இரண்டு வாசல் வழியாக வருகிறது. ஒன்று 1918இல் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் தேர்வுகள். பிராத்மிக் முதல் பிரவீண் வரை படித்தவருக்குச் ‘சம்வேத்னா’ தெரியும். ‘குஜர் கயே’ அவ்வளவு கைவசம் இருக்காது. மற்றொன்று வேலைத்தளம். 1968இலிருந்து இருமொழிக் கொள்கை நடப்பில் இருப்பதால் அரசுப் பள்ளியில் படித்த ஒருவர் இந்தியை லைனிலும் கேன்டீனிலும்தான் பிடித்துக்கொள்கிறார். அங்கே காதில் விழுவது ‘ஜல்தீ கரோ’, ‘இதர் ஆவோ’ என்ற ஏவல். சபை இந்தி உயரத்தில் நிற்கிறது, லைன் இந்தி தரையில் நிற்கிறது. பக்கத்து வீட்டு ஆறுதலுக்கு வேண்டிய நடுப்படி இரண்டிலும் கிடைப்பது அரிது.

எதிர்ப்பக்கமும் இதேதான். வடமாநிலத் தொழிலாளி கற்ற தமிழ் கடைத்தமிழும் வேலைத்தமிழும். ‘வா’, ‘போ’, ‘குடு’ என்ற ஒருமை ஏவல்கள் அதில் அதிகம். அவர் வீட்டுக்கார அம்மாவிடம் ‘அழாத அம்மா’ என்று சொன்னால் அதை மரியாதைக் குறைவாக எடுக்கக் கூடாது. ஆனால் அவருக்காக இந்தியிலிருந்து தமிழில் எழுதிக் கொடுப்பவர் அந்த ஒருமையை ‘இயல்பு நடை’ என்று வைத்துவிடவும் கூடாது. அவர் இந்தியில் ‘ஆப்’ என்றே சொல்லியிருப்பார்.

இரு திசையில் ஒரு சோதனை

இதற்கென அமைத்த இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஒரகடத்தில் ஒரு தமிழ்ப் பெண், தகப்பனை இழந்த பக்கத்து அறை இளைஞருக்கு எழுதுவது:

‘தம்பி, அப்பா விஷயம் இப்பதான் தெரிஞ்சுது. மனசே சரியில்ல. டிக்கெட் கெடச்சுதா? ரூமப் பத்திக் கவலப்படாத, நாங்க பாத்துக்கறோம். மொதல்ல ஊருக்குக் கெளம்பு.’

சென்னையிலிருந்து சாப்ராவுக்கோ பாட்னாவுக்கோ ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். தகனத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போகலாம். அடுத்த நாட்களின் கிரியைக்காவது போய்ச் சேர வேண்டும். ஆகவே இந்தச் செய்தியின் உயிர் டிக்கெட் பற்றிய கேள்வியில் இருக்கிறது. இந்தியில் இப்படி வரலாம்:

‘பாயீ, ஆப்கே பாபூஜீ கே பாரே மே அபீ பதா சலா. மன் பஹுத் பாரீ ஹை. டிக்கட் மிலா? கம்ரே கீ சிந்தா மத் கீஜியேகா, ஹம் லோக் சம்பால் லேங்கே. பஹ்லே கர் பஹுஞ்சியே.’

மாறியவற்றைப் பார்ப்போம். தமிழில் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் ‘அப்பா’ என்றே சொல்லும் வழக்கம் உண்டு. அதை வெறும் ‘பாபூஜீ’ என்று எழுதினால் அனுப்பியவரின் தகப்பன் இறந்ததாகப் படிக்கப்படலாம். அதனால் ‘ஆப்கே’ சேர்ந்தது. ‘கெளம்பு’ என்பதற்கு ‘நிகல் ஜாவோ’ என்று எழுதுவது பெரிய விபத்து, அது ‘வெளியே போ’ என்று விரட்டும் தொனி. ‘வீடு போய்ச் சேருங்க’ என்ற பொருளில் ‘கர் பஹுஞ்சியே’ வந்ததற்கு அதுவே காரணம். ‘பாத்துக்கறோம்’ என்பதற்கு ‘தேக் லேங்கே’ பொருளளவில் சரி. ஆனால் தனியே நின்றால் தமிழில் ‘பாத்துக்கறேன்’ மிரட்டலாகவும் கேட்பதுபோல் இந்தியிலும் கேட்கும். ‘சம்பால் லேங்கே’ அந்த நிழல் இல்லாதது. தம்பி என்ற ஒருமையை ‘தும்’ என்று வைக்காமல் ‘ஆப்’ என்று உயர்த்தியதில் கொஞ்சம் நெருக்கம் குறைகிறது, உண்மைதான். முன்பே ‘தும்’ என்று பேசிப் பழகியிருந்தால் அதையே வைக்க வேண்டும்: ‘சிந்தா மத் கர்னா’, ‘பஹ்லே கர் பஹுஞ்சோ’. சாவன்று திடீரென முன்னிலையை மாற்றினால் அதுவே ஒரு விலகலாகத் தெரியும்.

இரண்டாவது, மாமியாரை இழந்த வீட்டுக்கார அம்மாவுக்குக் குடியிருப்பவர் இந்தியில் எழுதுவது:

‘அம்மா, சாஸூ மா கே பாரே மே சுன்கர் பஹுத் துக் ஹுவா. ஹிம்மத் ரக்கியே. ஹம் லோக் ஹைன். கோயீ பீ காம் ஹோ தோ போலியேகா.’

தமிழில்: ‘அம்மா, ஆயா தவறிட்டாங்கன்னு கேட்டதும் ரொம்பக் கஷ்டமா போச்சு. மனசத் தேத்திக்கங்க. நாங்கல்லாம் இங்கதான் இருக்கோம். எந்த வேலையா இருந்தாலும் எப்ப வேணாலும் சொல்லுங்க.’

‘உங்கள் மாமியார்’ என்பது பிழையல்ல. ஆனால் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்தில் வீட்டு முதியவளை அண்டை வீட்டாரும் ‘ஆயா’ என்றே அழைப்பார்கள். தினமும் பார்த்துப் பழகியவர் அப்படிச் சொல்வதே பரிவு. இதே சொல்லை மறு திசையில் இந்திக்குள் அப்படியே விட முடியாது, அங்கே ‘ஆயா’ என்றால் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரி. ‘தாதீ’ அல்லது ‘அம்மாஜீ’ வேண்டும். ‘போலியேகா’ என்ற வினை வடிவம் பணிவோடு ‘பிறகு, வேண்டும்போது’ என்ற குறிப்பையும் சுமக்கிறது. தமிழ் வினையில் அது இல்லாததால் ‘எப்ப வேணாலும்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்க்க உட்காருமுன் இரண்டு தகவல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இறந்தவர் ஆணா பெண்ணா? ‘தவறிட்டாங்க’ என்பது இருவருக்கும் பொது. இந்தி ‘குஜர் கயே’, ‘குஜர் கயீ’ என்று பிரித்தே தீரும். அனுப்புபவர் யார்? ‘நான் வர்றேன்’ என்பதற்கு ஆண் ‘ஆத்தா ஹூன்’ என்றும் பெண் ‘ஆத்தீ ஹூன்’ என்றும் எழுத வேண்டும். ஒரு பெண்ணின் ஆறுதல் ஆண்பால் வினையில் போய்ச் சேர்ந்தால், வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

குறைவாகச் சொல்வதும் குரலில் சொல்வதும்

மூன்றாவது நிலைப்பாடு மொழிபெயர்ப்பையே சந்தேகிக்கிறது. துக்கத்தில் பேச்சு குறைவாக இருப்பதே மரியாதை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்கிறது. தமிழ்ச் சாவு வீட்டின் வழக்கங்கள் இதற்குச் சான்று தருகின்றன. உள்ளே வருபவரை ‘வாங்க’ என்று அழைப்பதில்லை, கிளம்புபவர் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்வதில்லை. எழுத்துச் செய்தியிலும் இதன் பாதிப்பு உண்டு: ‘வணக்கம்’ என்று தொடங்கி ‘நன்றி’ என்று முடிக்கும் இரங்கல் அலுவலகக் கடிதமாகிவிடுகிறது. ஆனாலும் இந்த நிலைப்பாடு இருவரும் ஒரே இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. பக்கத்து அறைக்காரர் அதற்குள் விஜயவாடாவைத் தாண்டியிருந்தால் உட்கார இடமில்லை.

அங்கே எழுத்து வடிவம் பற்றிய கேள்வி வருகிறது. தமிழ் எழுத்தில் எழுதிய இந்தியை அவரால் படிக்க முடியாது. கைப்பேசியில் பலரும் இந்தியை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அது எளிது, இயல்பானதும்கூட. குரல் பதிவு இன்னொரு வழி. உச்சரிப்புப் பிழையோடு பக்கத்து வீட்டு அக்காவின் குரலே ‘மன் பஹுத் பாரீ ஹை’ என்று சொல்வது, பிழையற்ற எழுத்தைவிட நெருங்கியது என்று வாதிடலாம். எனக்கும் அதில் பெருமளவு உடன்பாடு. ஆனால் குரலைத் தனியாகக் கேட்க முடியாத ரயில் பெட்டியில், திறந்து மூடிக்கொள்ளக்கூடிய நாலு வரிக்கும் ஒரு வசதி உண்டு.

இன்னும் முடிவாகாதவை

இதுவரை பார்த்ததில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது: நான்கு வரிச் செய்தியில் முதலில் காப்பாற்ற வேண்டியவை கேள்வியும் உதவ முன்வருவதும், அடுத்தது உறவுச் சொல், வாய்பாட்டு வாசகம் கடைசி. மத வாசகத்தை, குடும்பத்தின் வழக்கம் தெரிந்தால் மட்டும் சேர்ப்பது நல்லது.

தீராத கேள்விகளில் பெரியது, இந்தி யாருடைய மொழி என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போஜ்புரியைத் தாய்மொழியாகச் சொன்ன 5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்திக்குள் சேர்த்தே எண்ணப்பட்டார்கள். மைதிலி 2003இன் அரசியல் சட்டத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் தனி இடம் பெற்றது. ஒடியா வேறு மொழியே. போஜ்புரியில் மரியாதை முன்னிலை ‘ரௌவா’. அப்படி அழைத்து வளர்ந்தவருக்கு ‘ஆப்’ ஏற்கெனவே பள்ளிக்கூட வாடை கொண்டதாக இருக்கலாம். தமிழ்ப் பெண் கஷ்டப்பட்டு எழுதிய இந்தியும், அதைப் படிப்பவருக்கு இரண்டாம் மொழியாகவே இருக்கும் நிலை இது. அப்படியானால் இந்தியில் துல்லியமான நடைக்கு முயல்வதைவிட, ‘பாபூஜீ’ என்று அவர் தன் தகப்பனை அழைத்த சொல்லைக் கேட்டு வைத்துக்கொண்டு மற்றதை எளிய இந்தியில் விடுவது மேலா? மேல் என்றே தோன்றுகிறது. ஆனால் தன் குடும்பச் சொல்லை வெளியார் எடுத்துப் பேசுவதை எல்லோரும் விரும்புவார்கள் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, செய்திக்குப் பின்னான நாட்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குத் தமிழ்க் குடும்பம் பக்கத்து அறைக்காரர்களையும் சாப்பிட அழைப்பதுண்டு. கிரியை முடித்து மொட்டைத் தலையோடு திரும்பும் இளைஞரிடம் இங்கே யார், என்ன மொழியில், எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதற்கு இரு மொழிகளிலும் தயாரான வாசகம் கிடையாது. இங்கே பார்த்த நிலைப்பாடுகள் எதுவும் அந்த இரண்டாவது உரையாடலைத் தொடுவதில்லை. முதல் செய்தியில் கேட்ட டிக்கெட் கிடைத்ததா, கிரியைக்குப் போய்ச் சேர முடிந்ததா என்பதிலிருந்து அது தொடங்கலாம்.